வேலை போனதை விண்ணப்பக் கடிதத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: ஒரகடம் பக்கம் இருசக்கர வாகன பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்தேன். மார்ச் மாதம் ஒரு லைனை மூடி 38 பேரை அனுப்பிவிட்டார்கள். எல்லோரிடமும் ராஜினாமா கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இப்போது அனுப்பும் விண்ணப்பக் கடிதங்களில் இதைச் சொல்ல வேண்டுமா? ராஜினாமா செய்தேன் என்று எழுதினால் அது பொய்யா? நான் எழுதி வைத்திருப்பது இது: “ஆறு ஆண்டுகள் நேர்மையாக உழைத்தும், நிர்வாகத்தின் தவறான முடிவுகளால் வந்த நட்டத்தைச் சரிக்கட்ட, எந்த முன்னறிவிப்பும் இன்றித் திடீரென்று என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இதற்கும் என் திறமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.” வேறொரு நிறுவனத்தில் ‘வேலை திருப்தியாக இல்லை’ என்று நீக்கப்பட்ட என் நண்பரும் இப்படியே எழுதலாமா?

பதில்:

சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வாக்கியம் போதும், மிஞ்சினால் இரண்டு. உங்கள் பயோடேட்டாவில் கடைசி வேலை மார்ச் மாதத்தோடு நிற்கிறது. அதற்குப் பின் எதுவும் இல்லை. ஆள் எடுக்கும் பணியில் நீண்ட காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுத்தவுடன் எழும் முதல் கேள்வி “ஏன் விட்டார்?” என்பதுதான். கடிதத்தில் அதற்கு விடை இல்லாவிட்டால் படிப்பவர் தாமே ஒரு விடையை வைத்துக்கொள்வார். தரக்கட்டுப்பாட்டுத் துறையில் அப்படி வைத்துக்கொள்ளும் விடை பெரும்பாலும் “ஏதோ வாடிக்கையாளர் புகாரில் மாட்டியிருப்பார்” என்பதாக இருக்கும். 38 பேரோடு சேர்ந்து வெளியே வந்தவருக்கு அந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டிய தேவையே இல்லை. இதற்கு ஒரு விலக்கு உண்டு: இடையில் வேறு வேலையில் சேர்ந்து, இப்போது அங்கிருந்து விண்ணப்பிப்பவராக இருந்தால், முன்னைய வேலை எப்படி முடிந்தது என்பதைக் கடிதத்தில் சொல்ல வேண்டியதில்லை. நேர்காணலில் கேட்டால் சொன்னால் போதும்.

எப்படிச் சொல்வது என்பதை முடிவு செய்வதற்கு முன்னால், நீங்கள் எழுதும் வாக்கியம் பிறகு எங்கெல்லாம் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை ஏறக்குறைய முடிவானதும் பல நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பு செய்கின்றன. அதைத் தாமே செய்யலாம், அல்லது அதற்கென்று இருக்கும் ஏஜென்சியிடம் கொடுக்கலாம். சரிபார்ப்பவர் உங்கள் பழைய நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பியோ தொலைபேசியில் அழைத்தோ சில கேள்விகளைக் கேட்பார்: எந்தத் தேதியில் சேர்ந்தார், கடைசி வேலைநாள் எது, என்ன பதவி, விலகியதற்கு என்ன காரணம், வாய்ப்பிருந்தால் மறுபடியும் எடுத்துக்கொள்வீர்களா. இதோடு உங்கள் ரிலீவிங் லெட்டரையும், யு.ஏ.என். எண்ணின்கீழ் வருங்கால வைப்புநிதித் தளத்தில் தெரியும் பணி வரலாற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. அந்தப் பணி வரலாற்றில் நீங்கள் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். ஆகவே, இடைவெளியை மறைக்க மார்ச் என்பதை ஜூன் என்று நீட்டுவதும், “இன்று வரை” என்று விட்டுவைப்பதும் பிடிபடாமல் போகாது. வேலை போனதைப் பொருட்படுத்தாத மேலாளர்கள் நிறைய உண்டு. தேதியைத் திருத்தியவரைப் பொறுத்துக்கொள்ளும் மேலாளர் மிக அரிது.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ள அந்த வாக்கியத்தை உங்கள் பழைய எச்.ஆர். அதிகாரிக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினால், அவர் “ஆமாம், சரிதான்” என்று சொல்ல முடிய வேண்டும். அவர் “அப்படியில்லையே” என்று மறுக்கக்கூடிய ஒரு சொல்கூட அதில் இருக்கக் கூடாது. உண்மையாக இருப்பது, பழி சொல்லாமல் இருப்பது ஆகிய இரண்டையும் இந்த ஒரே அளவுகோலால் அளந்துவிடலாம், ஏனென்றால் பழி என்பது எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளாத கூற்றுதான்.

இப்போது உங்கள் வாக்கியத்தை அதில் வைத்துப் பாருங்கள். “நிர்வாகத்தின் தவறான முடிவுகளால் வந்த நட்டம்” என்பதை எச்.ஆர். மறுப்பார், அது உங்கள் கணிப்பு. அது சரியான கணிப்பாகவே இருக்கலாம். ஆனால் கடிதத்தைப் படிப்பவரால் அதைச் சரிபார்க்க முடியாது. உள்விவகாரங்களை வெளியே சொல்பவர் நாளை நம்மைப் பற்றியும் சொல்வாரோ என்றுதான் அவர் நினைப்பார். “எந்த முன்னறிவிப்பும் இன்றி” என்பது அதைவிடச் சிக்கலானது. சட்டப்படியான ஆட்குறைப்பில், ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளிக்குக் காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத எழுத்துமூல நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்தது. இப்போது தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் அது இருக்கிறது. பொறியாளர் பதவியில் இருந்த உங்களுக்கு அது பொருந்துமா என்பது நீங்கள் உண்மையில் செய்த வேலையின் தன்மையையும் சம்பளத்தையும் பொறுத்தது. எப்படியிருந்தாலும், முன்னறிவிப்பு இல்லை என்று எழுதினால் நிறுவனம் சட்டத்தை மீறியது என்று குற்றம் சாட்டுவதாகப் பொருள்படும். அந்தக் குறை உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால், அதற்குரிய இடம் தொழிலாளர் துறை அலுவலகமோ வழக்கறிஞரின் மேசையோதான். வேலை கேட்கும் கடிதத்தில் அதை வைத்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

“திடீரென்று”, “நேர்மையாக உழைத்தும்” ஆகியவை பழிபோலத் தெரியாத பழிகள். பெரும்பாலோர் நிர்வாகத்தைத் திட்டும் சொற்களை எல்லாம் நீக்கிவிட்ட பிறகும் இவற்றை விட்டுவைப்பார்கள். ‘உழைத்தும்’ என்பதில் உள்ள அந்த ‘உம்’ ஒன்றே “எனக்கு அநியாயம் நடந்தது” என்று சொல்லிவிடுகிறது. “துரதிர்ஷ்டவசமாக”, “வேறு வழியின்றி”, “பலியானேன்” போன்றவையும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். உங்கள் வரைவை ஒருமுறை சத்தமாகப் படித்து, மனவருத்தம் தொனிக்கும் ஒவ்வொரு சொல்லையும் அடித்துவிடுங்கள். வருத்தம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைப் படிக்கும் மனிதர் உங்களை இன்னும் பார்த்ததுகூட இல்லை.

கடைசியாக, “இதற்கும் என் திறமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை” என்ற வாக்கியம். இதை நீக்கச் சொன்னால் பலர் தயங்குவார்கள், ஏனென்றால் முக்கியமான செய்தியே அதுதான் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. செய்தி முக்கியமானதுதான். ஆனால் நீங்களே சொல்லும்போது அது மறுப்புரையாக ஒலிக்கிறது. மறுப்புரை எப்போதும் குற்றச்சாட்டை நினைவூட்டும். “அந்த லைனில் இருந்த 38 பேரும்” என்று எழுதினாலே போதும், உங்கள் திறமை காரணமில்லை என்பது அதிலேயே அடங்கிவிடுகிறது. எண்ணிக்கை சரியாகத் தெரிந்தால் அதை எழுதுங்கள். தெரியாவிட்டால் “அந்த லைனில் இருந்த அனைவரும்” என்று எழுதலாம். ஆனால் லைனில் 60 பேர் இருந்து, 38 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தால் ‘அனைவரும்’ என்று எழுதக் கூடாது. அப்போது “38 பேரில் ஒருவனாக” என்பதே உண்மை.

அடுத்து ராஜினாமா. உங்கள் கேள்வியில் கடினமான பகுதி இதுதான், நம் ஊரில் மிகப் பரவலாக நடப்பதும் இதுதான். ஆட்குறைப்பு என்று பதிவாகாமல் இருக்க, அனுப்பப்படுபவர்களிடமே ராஜினாமா எழுதி வாங்கிவிடுகிறார்கள். அதனால் நடந்தது ஒன்றாகவும் ஆவணத்தில் இருப்பது வேறாகவும் ஆகிவிடுகிறது. “வேலையிலிருந்து நீக்கப்பட்டேன்” என்று எழுதினால், சரிபார்ப்பில் “அவராகவே ராஜினாமா செய்தார்” என்று பதில் வந்து, உண்மையைச் சொன்ன நீங்கள் முரண்பட்டவராகத் தெரிவீர்கள். “மேலான வாய்ப்பைத் தேடி ராஜினாமா செய்தேன்” என்று எழுதினால் ஆவணத்தோடு ஒத்துப்போகும், ஆனால் அது பொய். அதோடு, மேலான வாய்ப்புக்காக விட்டவர் ஏன் இத்தனை மாதம் வேலையில்லாமல் இருக்கிறார் என்ற கேள்விக்கு உங்களிடம் பதிலும் இருக்காது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவதே நேர்மையானது, பாதுகாப்பானதும்கூட:

“நான் பணியாற்றிய உற்பத்தி லைன் மூடப்பட்டபோது, நிறுவனத்தின் ஏற்பாட்டின்படி அந்த லைனைச் சேர்ந்த 38 பேர் கடந்த மார்ச் மாதம் பணியிலிருந்து விலகினோம், அவர்களில் நானும் ஒருவன்.”

இதில் காரணம் இருக்கிறது, காலம் இருக்கிறது, எத்தனை பேர் என்பது இருக்கிறது. ‘விலகினோம்’ என்பது ராஜினாமா கடிதத்தோடு ஒத்துப்போகிறது. ‘நிறுவனத்தின் ஏற்பாட்டின்படி’ என்பது முன்முயற்சி யாருடையது என்பதை மறைக்காமல் சொல்கிறது. உங்கள் எச்.ஆர். அதிகாரிக்கு இதில் மறுக்க எதுவும் இல்லை. கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும் என்று நினைக்கிறேன். மொழிமாற்றும்போது ‘டெர்மினேட்டட்’ என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள், நம் எச்.ஆர். வழக்கில் அது ஒழுங்கு நடவடிக்கையை நினைவூட்டும். லைன் மூடப்பட்டது, அதில் இருந்தவர்கள் விலகினோம் என்று நேரடியாகச் சொல்வதே எந்த மொழியிலும் தெளிவு.

இதை அனுப்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வெளியேறும்போது நீங்கள் கையெழுத்திட்ட தாள்களை எடுத்து மறுபடியும் படியுங்கள். கணக்கு முடித்துப் பணம் தரும்போது, நிறுவனத்தை இழிவாகப் பேசுவதில்லை, உடன்பாட்டின் விவரங்களை வெளியிடுவதில்லை என்ற நிபந்தனைகளைச் சேர்ப்பது வழக்கம். லைன் மூடப்பட்டது என்ற வெளிப்படையான செய்தியைச் சொல்வதற்கு அவை தடையாக இருப்பது அரிது. ஆனால் எவ்வளவு தொகை தந்தார்கள், எந்த வாடிக்கையாளரின் ஆர்டர் போனது போன்றவற்றுக்குத் தடை இருக்கலாம். அவை கடிதத்துக்கு எப்படியும் தேவையில்லை. முடிந்தால், உங்கள் பழைய எச்.ஆர். அதிகாரியையே அழைத்து, “யாராவது கேட்டால் விலகிய காரணமாக என்ன சொல்வீர்கள் சார்?” என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் சொல்லப்போகும் சொற்கள் தெரிந்துவிட்டால், உங்கள் வாக்கியத்தை உண்மை குறையாமல் அதற்கு அருகில் கொண்டுபோகலாம். கோபத்தில் இருக்கும்போது அந்த அழைப்பு கடினமாகத்தான் இருக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

வாக்கியம் கடிதத்தில் எங்கே உட்கார வேண்டும் என்பதும் முக்கியம். முதல் பத்தியில் வைத்தால் கடிதமே வேலை இழப்பைப் பற்றியதாக ஆகிவிடும். கடைசியில் வைத்தால் படிப்பவர் மனத்தில் அதுவே தங்கும். நீங்கள் செய்த வேலையைச் சொல்லி முடித்த இடத்தில், எப்போது சேர முடியும் என்று சொல்வதற்கு முன்னால் அதை வையுங்கள். அந்தப் பகுதி ஏறக்குறைய இப்படி அமையலாம்:

“கடந்த ஆறு ஆண்டுகளில் பிரேக் பாகங்களுக்கான உள்வரவு ஆய்வையும் லைன் ஆய்வையும் கவனித்ததோடு, வாடிக்கையாளர் புகார்களுக்கான எய்ட்-டி அறிக்கைகளைத் தயாரித்து, திருத்த நடவடிக்கைகள் நடைமுறைக்கு வரும்வரை தொடர்ந்து பார்த்துக்கொண்டேன். நான் பணியாற்றிய உற்பத்தி லைன் மூடப்பட்டபோது, நிறுவனத்தின் ஏற்பாட்டின்படி அந்த லைனைச் சேர்ந்த 38 பேர் கடந்த மார்ச் மாதம் பணியிலிருந்து விலகினோம். அவர்களில் நானும் ஒருவன். ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் என்னிடம் உள்ளன. உடனடியாகச் சேர இயலும். உங்கள் விளம்பரத்தில் சப்ளையர் தர மேம்பாட்டுக்கு முதலிடம் தரப்பட்டுள்ளது. உள்வரவு ஆய்வில் நான் பெற்ற அனுபவம் அதற்கு நேரடியாகப் பயன்படும் என்று நம்புகிறேன்.”

கவனியுங்கள், வேலை இழப்பைச் சொன்ன வாக்கியத்துக்குப் பிறகு விளக்கமோ ஆறுதலோ இல்லை. பேச்சு உடனே ஆவணங்களுக்கும் சேரும் நாளுக்கும் போய்விடுகிறது. ‘உடனடியாகச் சேர இயலும்’ என்பது இங்கே வெறும் மரியாதைச் சொல் இல்லை. பெரும்பாலான விண்ணப்பதாரர்களுக்கு இரண்டு மாதமோ மூன்று மாதமோ நோட்டீஸ் காலம் இருக்கும்போது, நாளையே வரக்கூடிய ஒருவர் உற்பத்தி மேலாளருக்கு உண்மையிலேயே உதவியானவர். வேலை போனதால் உங்களுக்குக் கிடைத்த ஒரே வசதி அது, அதைச் சொல்லுங்கள். அதேபோல் பழைய நிறுவனத்தைப் புகழ்ந்து ஒரு வரி சேர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. “அந்நிறுவனத்துக்கு என்றும் கடமைப்பட்டவன்” என்று மனமில்லாமல் எழுதினால் அது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் அங்கே கற்ற ஒரு வேலையைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டாலே, அந்த இடத்தை நீங்கள் வெறுப்போடு நினைக்கவில்லை என்பது விளங்கும்.

மார்ச்சுக்குப் பின் உள்ள இடைவெளியைப் பற்றி, சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அந்த மாதங்களில் ஏதாவது ஒரு பயிற்சியை முடித்திருந்தால் அதை ஒரு தொடரில் சேர்க்கலாம். ஒன்றும் செய்யவில்லை என்றால் அதற்காக ஒன்றை இட்டுக்கட்ட வேண்டாம். ஆட்குறைப்புக்குப் பின் சில மாதம் வேலை தேடுவது எல்லோருக்கும் புரியும்.

உங்கள் நண்பர் இப்படியே எழுத முடியாது. உங்கள் வாக்கியம் உண்மையாக இருப்பதற்குக் காரணம் மூடப்பட்ட லைனும் உடன் வந்த 38 பேரும். அவருக்கு அவை இல்லை. ‘ஆட்குறைப்பு’ என்ற சொல்லை அவர் கடன் வாங்கினால் ஒரே தொலைபேசி அழைப்பில் அது உடைந்துவிடும். அவர் முதலில் செய்ய வேண்டியது, தன்னிடம் தந்த கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. தகுதிகாண் காலத்தின் முடிவில் பணி உறுதி செய்யப்படவில்லை என்று இருந்தால், “தகுதிகாண் காலத்துக்குப் பின் அந்தப் பதவியில் நான் தொடரவில்லை” என்று எழுதலாம். அது உண்மை, அதற்கு மேல் கடிதத்தில் தேவையில்லை. பல ஆண்டுகள் வேலை செய்தவரைச் செயல்திறன் போதவில்லை என்று நீக்கியிருந்தால், எங்கே குறை இருந்தது என்பதை அவர் தமக்குள் தெளிவாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். உதாரணமாக, விற்பனையில் நன்றாக இருந்தவரைக் குழுவை நடத்தும் பொறுப்பில் வைத்து, அது சரிவராமல் போயிருக்கலாம். அப்படியானால் கடிதத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: “கடைசிப் பதவி குழு மேலாண்மையை மையமாகக் கொண்டது, அதில் நிறுவனம் எதிர்பார்த்த அளவை நான் எட்டவில்லை, ஆகஸ்ட் மாதம் அப்பணி முடிவுக்கு வந்தது. இப்போது நேரடி விற்பனைப் பணிக்கே விண்ணப்பிக்கிறேன்.” இதில் ‘நிறுவனம் எதிர்பார்த்த அளவு’ என்பதைக் கவனிக்க வேண்டும். அளவு நியாயமானதா இல்லையா என்ற வாதத்துக்குள் போகாமல், முடிவு எதன் அடிப்படையில் எடுக்கப்பட்டது என்பதை மட்டும் அது சொல்கிறது. இரண்டாவது வாக்கியம், குறை இருந்த இடமும் இப்போது கேட்கும் வேலையும் வேறு என்று காட்டுகிறது. குறை இருந்த அதே வேலையையே மறுபடியும் கேட்பதானால் இந்த வழி உதவாது; அப்போது, நீக்கப்பட்ட பிறகு அந்தக் குறையைச் சரிசெய்ய உண்மையிலேயே எதைச் செய்தார் என்பதற்கு ஓர் உறுதியான சான்று வேண்டும்.

ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் வேறு. உள்விசாரணை நடத்தி நீக்கிய ஒரு நிகழ்வை ஒரு வாக்கியத்தில் நேர்மையாகச் சுருக்க முடிவதில்லை. சுருக்கினால் மறைப்பதுபோல் இருக்கும், விரித்தால் கடிதம் வாக்குமூலமாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் கடிதத்தில் தேதிகளைச் சரியாகக் கொடுத்து, விலகிய காரணத்தைச் சொல்லாமல் விட்டு, நேரில் பேசுவதே மேல் என்பது என் கருத்து. ஆனால் சொல்லாமல் விடுவதற்கும் தாமாக விலகியதுபோல் எழுதுவதற்கும் இடையே உள்ள கோட்டை அவர்கள் ஒருபோதும் தாண்டக் கூடாது.

கடிதத்தில் எதை விட்டாலும், நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில் அந்த வசதி இல்லை. ‘முந்தைய வேலையை விட்ட காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும்; சிலவற்றில் ‘எப்போதாவது பணிநீக்கம் செய்யப்பட்டதுண்டா’ என்ற நேரடிக் கேள்வியும் இருக்கும். படிவத்தின் அடியில், தந்த விவரங்கள் தவறென்று பின்னர் தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கலாம் என்ற உறுதிமொழிக்குக் கீழேதான் நாம் கையெழுத்திடுகிறோம். ‘தனிப்பட்ட காரணங்கள்’ என்று அந்தக் கட்டத்தை நிரப்பும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை அது உண்மையும் இல்லை, கடிதத்தோடு பொருந்தவும் இல்லை. “உற்பத்தி லைன் மூடப்பட்டதால், நிறுவனத்தின் ஏற்பாட்டின்படி ராஜினாமா” என்று அதில் எழுதுங்கள். நண்பர், “செயல்திறன் அடிப்படையில் பணி முடிவுக்கு வந்தது, விவரம் நேரில்” என்று எழுதலாம். நேரடிக் கேள்விக்கு அவர் ‘ஆம்’ என்றே குறிக்க வேண்டும். உங்களுக்கு அப்படிப்பட்ட கேள்வி வந்தால், ஆவணத்தின்படி ராஜினாமா என்பதால் ‘இல்லை’ என்று குறித்து, காரணக் கட்டத்தில் லைன் மூடப்பட்டதை எழுதிவிடுங்கள். நேர்காணலில் கேட்டால் அதே சொற்களில், அதே நீளத்தில் சொல்லுங்கள்.